குழவி முதலில், குழந்தை பிறகு

பங்காளி வீடுகளுக்கும், சம்பந்தி வீட்டாருக்கும், எங்கள் தெருவுக்கும், இந்த ஊரை விட்டுப் போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் அவலூர்பேட்டைக்காரர்களுக்கும், வணக்கம்.

என் மகளுக்கு மார்கழி 12-ஆம் தேதி, சனிக்கிழமை, பெண் குழந்தை பிறந்த சேதி உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். தாயும் பிள்ளையும் நலம். பிறக்கும்போது இரண்டு கிலோ தொள்ளாயிரம் இருந்தவள், இன்றைக்கு மூன்று கிலோ நானூறு. தை 11, ஞாயிற்றுக்கிழமை (25.1.2026), அவளை ஏணையில் போட்டுப் பேர் வைக்கிறோம். நேரம் காலை 7.45 முதல் 8.45 வரை. நம் வீட்டில்தான், மண்டபம் எதுவும் இல்லை. நீங்கள் வர வேண்டும்.

"பதினாறாம் நாளே போட்டிருக்கலாமே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பதினாறாம் நாள் மார்கழி 27-இல் விழுந்தது. மார்கழியில் நம் பக்கம் நல்ல காரியம் வைப்பதில்லை. எனக்கு அதில் பெரிய பிடிவாதம் கிடையாது. ஆனால் சம்பந்தி அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை, அவர் மனம் ஒப்பாத விழா எனக்கு எதற்கு? தை பிறந்த பிறகு, பிள்ளையின் முப்பதாம் நாள் என்று வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தால் தை 4 அமாவாசை. அன்றைக்கு மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், ராத்திரி முழுக்க இந்தச் சாலையில் வண்டி நகராது. தை 18 பௌர்ணமி, தைப்பூசம். திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஞாயிறுதான் வாய்த்தது. மறுநாள் குடியரசு தினம், விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவசரமாக ஓட வேண்டியதில்லை.

இருபத்தெட்டு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இந்தச் சுற்றுப்பட்டில் வீடு வீடாக நடந்தவள் நான். எத்தனை ஏணைக்கு முன்னால் நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதனால் இந்த அழைப்பில் மற்றவர்கள் எழுதாத சிலவற்றை நான் எழுதியாக வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குக் காலை என்ன நடக்கும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். கூடத்து விட்டத்தில் ஏணை கட்டுவோம். மற்ற ஊரில் தூளி என்பார்கள், நமக்கு ஏணை. மரத்தொட்டில் வாங்கித் தருகிறேன் என்று மருமகன் சொன்னார், பிறகு வாங்கட்டும். ஏணைக்கு என் மாமியாரின் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஒவ்வொரு முழமாகப் பார்த்தேன். நூல் இற்றுப்போன இடம் வெளிச்சத்தில் சல்லடை மாதிரி தெரியும். முந்தானைப் பக்கம் அப்படி ஒரு கை அகலம் தெரிந்தது. அதை மடிப்பின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன், பாரம் தாங்கும் இடத்தில் வராது. பாலியெஸ்டர் புடவையில் கட்டக் கூடாது. முடிச்சுப் போட்டால் இறுகிய மாதிரி இருக்கும், ஆட்ட ஆட்ட வழுக்கும். பருத்தி முடிச்சு அப்படி இல்லை, பாரம் ஏற ஏற ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

கட்டி முடித்ததும் மேலே குறுக்கே ஒரு கட்டை வைப்போம், துணி இரண்டு பக்கமும் விரிந்து நிற்க. கட்டை இல்லாத ஏணையில் துணி பிள்ளையின் முகத்தோடு சேர்ந்துவிடும், உள்ளே காற்று ஓடாது. அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது, கீழே மெத்தை விரித்திருக்க வேண்டும். பிள்ளையைப் போட்ட பிறகு குனிந்து பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தாடை நெஞ்சில் முட்டுகிறதா? முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். முதுகு வளையாமல் சற்றுக் குறுக்காகப் படுக்க வைத்தால் தாடை விலகி நிற்கும். முப்பது நாள் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தானாகத் தலையைத் தூக்கிக்கொள்ளவும் தெரியாது. அன்றைக்குச் சடங்குக்கு ஏணை. ராத்திரி தூக்கத்துக்கு அவள் அம்மா பக்கத்தில் சமதரையில்தான் படுப்பாள்.

இப்போது குழவிக்கு வருகிறேன். பிள்ளையை ஏணையில் விடுவதற்கு முன் அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புதுத்துணியில் சுற்றி, முதலில் அதைப் போட்டு ஆட்டுவது நம் வீட்டு வழக்கம். கல்லைப் போலப் பிள்ளை உறுதியாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழவி என்றால் பிள்ளை என்றும் பொருள் உண்டு, அதனால் சொல்லும் பொருந்திப்போகிறது. எனக்கு இதில் வேறு ஒன்று தெரிகிறது. எங்கள் வீட்டுக் குழவியைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறு கிலோ முந்நூறு. பிள்ளையின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் போட்டு நாலு பேர் நாலு தடவை ஆட்டிய பிறகும் முடிச்சு நகரவில்லை, விட்டம் முனகவில்லை, கட்டை சரியவில்லை என்றால், பிள்ளையைத் தாராளமாகப் போடலாம். முடிச்சு போட்ட இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்துவிட்டு ஆட்டச் சொல்வேன். கோடு விலகியிருந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். இந்தச் சோதனையை முதலில் யோசித்தவள் எவளோ, அவள் எந்தப் பொறியாளருக்கும் குறைந்தவள் இல்லை. இன்றைக்குப் பல வீடுகளில் பேருக்கு ஒரு சின்னக் கல்லை ஏணைக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கைமாற்றிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். சடங்கு இருக்கிறது, சோதனை போய்விட்டது.

குழவியை ஏணையில் விடப்போவது என் மூத்த நாத்தனார். அவர் கணவரை இழந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேலைக்குப் போய்விடுவேன்; அவளுக்குக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, சோறூட்டி வளர்த்தவர் அவர்தான். இந்தப் பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்து கால் மேல் போட்டு வெந்நீர் ஊற்றுகிறவர் அவரே. "நான் பின்னால் நிற்கிறேன் அண்ணி, நாலு பேர் நாலு சொல்வார்கள்" என்றார். சொல்ல மாட்டீர்கள் என்று உங்களை நம்பி, "முன்னால் நில்லுங்கள்" என்றேன். சம்பந்தி அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "குளிப்பாட்டுற கைதானே, போடட்டும்" என்றார். அவருக்காக மார்கழியை விட்டுக்கொடுத்தது வீண்போகவில்லை. இதே நிலையில் இருக்கிற மற்ற அக்கா தங்கைகளும் முன் வரிசைக்கு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குழவி இறங்கியதும் பிள்ளை ஏறுவாள். மருமகனின் தங்கை, அதாவது பிள்ளையின் அத்தை, அவளை ஏணையில் விட்டு, வலது காதில் மூன்று முறை பேரைச் சொல்வாள். மெல்லச் சொல்லம்மா, காதோடு வாய் ஒட்ட வேண்டாம். அத்தைக்கு ஆரணிப் பட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறோம். பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பிள்ளையின் அப்பா மஞ்சள் கிழங்கால் அதே பேரை எழுதுவார். பேர் என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டல் மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முன்னமே முடிவாகிவிட்டது. அரிசியில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பேர் இருந்து அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைப் பதிந்தாயிற்று. அப்போது பேர் இல்லாமலும் பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை. 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். விழா முடிந்த மறு வாரமே பேரைச் சேர்த்துவிடுவதாக மருமகன் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்து என் மகன் முறை. தாய்மாமன் இல்லையா, வெள்ளிக் காப்பும் அரைஞாண் கொடியும் அவன் செலவு. மணிக்கட்டில் வசம்பு வளையம் கட்டுவோம். கட்டலாம், வாசனைக்கு. ஆனால் நூல் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, வசம்புத் துண்டு வாயில் போகிற அளவுக்குத் தொங்கவும் கூடாது. சாயங்காலம் கழற்றிவிடுவேன். சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிற பேச்சு மட்டும் வேண்டாம். மை கன்னத்திலும் உள்ளங்காலிலும் போதும், கண்ணுக்குள் இழுக்க விடமாட்டேன். எந்த மையில் ஈயம் கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நாக்கில் எதுவும் வைக்காதீர்கள் என்று நான் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்று ஒரு கதை சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், ஊர் பேர் வேண்டாம், ஒரு ஏணை விழாவுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள், ஆண் பிள்ளை. பாட்டி ஒரு சங்கில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்கள். ஒருவர் தேன் வைத்தார். நான் எண்ணிக்கொண்டு நின்றேன், பதினாலு விரல். வாயைத் திறந்து சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. இருபத்திரண்டு வயது, பெரியவர்கள் வீடு. சாயங்காலம் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. விடியற்காலையில் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் உச்சிக்குழி உள்ளே பதிந்திருந்தது, ராத்திரி முழுக்கத் துணி நனையவில்லை. தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். மூன்று நாள் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள், பிழைத்தான். அந்தப் பதினாலில் ஒரு விரல் கூடக் கெட்ட மனசு விரல் இல்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர் கூட, பிள்ளைக்குத் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து தசையைத் தளர்த்திவிடும். இனிப்பு உங்களுக்கு இருக்கிறது: காப்பரிசி. ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல். வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்.

உடை பற்றிக் குழுவில் இளசுகள் கேட்டிருந்தார்கள், எல்லோரும் ஒரே நிறத்தில் வரலாமா என்று. வேண்டாம் கண்ணுகளா, அதற்காக யாரும் புதுத்துணி எடுக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்க ஆசைப்படுகிறவர்கள் பருத்தியில் வாருங்கள், அவ்வளவுதான். தோளில் சாய்க்கும்போது அவள் கன்னம் உங்கள் தோளில் உரசும். அந்த இடத்தில் ஜரிகை, கண்ணாடி, ஜிகினா, கல் பதித்த ஊக்கு எது இருந்தாலும் கோடு விழும். ஒரு மாதத் தோல் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. பட்டுக் கட்டித்தான் வருவேன் என்கிற அத்தைமார்களுக்குத் தோளில் போட்டுக்கொள்ளத் துவைத்த துண்டு பத்து வைத்திருக்கிறேன். கல் வளையலும் மோதிரமும் வாசலிலேயே கழற்றிக் கைப்பையில் போடுங்கள். சென்ட் வேண்டாம். மல்லிப்பூ வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் வேட்டி கட்டினால் எனக்குப் பிடிக்கும், கட்டாயம் இல்லை. தை மாதக் காலைப்பனி நம் ஊரில் ஏழு மணி வரை இருக்கும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

பிள்ளைக்குப் புதுச் சட்டை நிறைய வருகிறது. வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் துவைக்காமல் போட மாட்டேன். அன்றைக்கு அவள் உடுத்தப்போவது என் அப்பாவின் வேட்டியில் கிழித்துத் தைத்த சட்டை. அப்பா தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார். நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் பழந்துணியில் முதல் உடுப்பு என்பதற்குப் பெரியவர்கள் ஆயுள் என்று காரணம் சொல்வார்கள். நூறு தடவை துவைத்த வேட்டியைப் போல மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடையாது என்பது என் காரணம். அதனால் என்ன கொண்டுவருவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பவுன் விற்கிற விலையில் மோதிரம் வேண்டாம், அவள் அதை வாயில்தான் போடுவாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய பருத்தி வேட்டியோ புடவையோ ஒன்று, வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்து வாருங்கள். அணையாடைக்கு ஆகும்.

ஆசீர்வாதம் எல்லோரும் செய்ய வேண்டும், முறையோடு. மஞ்சள் அரிசியை ஏணைக்குள் வீசாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் போய் விழும். தாம்பாளத்தில் போட்டுவிட்டு அவள் பாதத்தைத் தொடுங்கள். முத்தம் வேண்டாம். சளி, இருமல், காய்ச்சல், வாயோரத்தில் கொப்புளம் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வாழ்த்துங்கள், நான் வருத்தப்பட மாட்டேன், வந்தால்தான் வருத்தப்படுவேன். கூடத்து மூலையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். அதில் ஆளுக்கு ஒரு வரி அவளுக்கு எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், என் மகன் எழுதிக்கொள்வான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் அவள் கையில் கொடுப்பேன். ஸ்பீக்கர் கிடையாது. கீழத்தெருப் பெரியம்மா வந்து தாலாட்டுப் பாடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மாமன் என்னென்ன சீர் கொண்டுவந்தான் என்று பட்டியல் போட்டுப் பாடுவது அவர் வழக்கம். என் மகனே, காப்போடு நிறுத்திக்கொள்ளாதே.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "பெண் பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு" என்று உறவிலேயே ஒருவர் கேட்டார், பேர் சொல்ல மாட்டேன். வேண்டாத பெண் பிள்ளைகளைக் கொன்றுவிடாமல் விட்டுப் போவதற்காக 1992-இல் சேலத்தில் அரசாங்கமே ஒரு தொட்டில் வைத்தது. 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு அந்தத் தொட்டில் நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பக்கத்துத் திருவண்ணாமலைக்கும் வந்தது. வர வேண்டிய நிலையில் நாம் இருந்தோம். செவிலியராக அந்தக் கணக்கு நோட்டைச் சுமந்தவள் நான். அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு ஏணை விட்டத்தில், கூடத்தின் நடுவில், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். கேட்டவரும் கட்டாயம் வர வேண்டும், அவருக்கு முன் வரிசையில் நாற்காலி போடுகிறேன்.

வரும் வழி: சென்னைக்காரர்கள் திண்டிவனம், செஞ்சி வழியாக வந்துவிடுங்கள், முதல் நாளே வந்தால் மாடியில் பாய் இருக்கிறது. திருவண்ணாமலை, சேத்துப்பட்டுப் பக்கமிருந்து நேர்ப் பேருந்து உண்டு. ஊருக்குள் வந்ததும் சித்தகிரி முருகன் கோயில் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். மலையடிவாரத்துத் தெருதான், வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். அவளுக்கு ஏழரைக்குப் பால் கொடுத்து ஏப்பம் விட வைத்துவிடுவோம், எட்டே காலுக்குத் தூங்கிவிடுவாள். தூங்கிய பிறகு யாருக்காகவும் எழுப்ப மாட்டேன். பொங்கல், வடை, கேசரி ஒன்பது மணிக்கு. விழா முடிந்ததும் ஏணையைச் சுருட்டி விட்டத்தின் மேல் போட்டுவிடுவேன். வெறும் ஏணையில் முறுக்கி ஆடுகிற விளையாட்டில் கழுத்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் சேதி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை, கூட வரும் உங்கள் பிள்ளைகள் மீதும் ஒரு கண் வையுங்கள்.

ஏழு மணிக்கு நாத்தனார் குழவியைக் கழுவ உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்க்க வேண்டும் என்றால் காப்பிக்கே வந்துவிடுங்கள், ஆறரைக்குப் பால் காய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மாவைப் பெற்றவள்,
அவலூர்பேட்டை.